போட்டிக்காரர் மாறினாரா, நாம மாறினோமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "திடீர்னு க்ளிக் விலை ஏறுது, போன் கால் குறையுது. உடனே பிட்-ஐ ஏத்தலாமா?" ஏத்துறதுக்கு முன்னாடி கூகுள் ஆட்ஸ்ல Auction insights ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்க. Segment-ல Time, அதுல Week தேர்ந்தெடுத்தா ஒவ்வொரு போட்டிக்காரரும் வாரம் வாரமா தெரிவார்.

ரெண்டு காலம் மட்டும் பார்ப்போம். Overlap rate: என் விளம்பரம் வந்த தேடல்கள்ல எத்தனையில அவரும் கூட வந்தார். Position above rate: அப்படி ரெண்டு பேரும் சேர்ந்து வந்தப்போ எத்தனை தடவை அவர் எனக்கு மேல நின்னார்.

சென்னையில ஏசி சர்வீஸ் பண்ற ஒரு கடைன்னு வச்சுக்குவோம். விளம்பரம் வாரத்துக்கு 1000 தடவை வருது. முதல் வாரம் அ, ஆ ரெண்டு போட்டிக்காரருக்கும் ஓவர்லேப் 40%, மேல நின்னது 25%. அதாவது 400 தடவை கூட வந்தாங்க, அதுல 100 தடவை நமக்கு மேல.

நாலாவது வாரம் 'அ'வோட ஓவர்லேப் 60% ஆகுது, மேல நிக்கிறது அதே 25%. இவர் நம்மளை முந்தல, பரவியிருக்கார். பட்ஜெட்டைக் கூட்டியிருக்கலாம், புது கீவேர்டோ ஏரியாவோ சேர்த்திருக்கலாம். 'ஆ'வுக்கு ஓவர்லேப் அதே 40%, ஆனா மேல நிக்கிறது 60%. அப்போ 400-ல 240 தடவை அவர்தான் மேல. பிட்-ஐ ஏத்தியிருக்கார், இல்லன்னா விளம்பரத்தோட தரத்தைக் கூட்டியிருக்கார். நம்ம காலை வாங்குறது பெரும்பாலும் இவரா இருக்கலாம். அதனால எந்த கீவேர்டுல இது நடக்குதுன்னு பிரிச்சுப் பார்த்து, நமக்கு கால் கொண்டுவர்ற கீவேர்டுல மட்டும் பதில் சொன்னா போதும்.

இங்கதான் பலர் சறுக்குறாங்க. இந்த சதவீதம் எல்லாமே நாம கலந்துக்கிட்ட ஏலத்தை வச்சுத்தான் கணக்கு. நடுவுல நாமளே ப்ராட் மேட்ச் கீவேர்டு சேர்த்திருந்தா, ஏலமே வேற ஆயிடும். போட்டிக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவரோட எண் மாறும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு: ஒருத்தரோட வரி மட்டும் நகர்ந்தா பெரும்பாலும் அவர் மாறியிருக்கார். எல்லாரோட வரியும் ஒரே வாரத்துல நகர்ந்தா, முதல்ல உங்க Change history-யைப் பாருங்க.

அவர் எவ்வளவு பிட் போடுறார், அதுல லாபம் பார்க்கிறாரா, இதெல்லாம் இந்த ரிப்போர்ட் சொல்லாது. 'ஆ' நஷ்டத்துல கூட மேல நிக்கலாம். அதனால அவரைத் துரத்துறதுக்கு முன்னாடி, ஒரு காலுக்கு நமக்கு எவ்வளவு செலவாகுது, அது கட்டுப்படியாகுதான்னு பாருங்க. கட்டுப்படியாகலன்னா ரெண்டாவது இடத்துலயே நிக்கலாம், தப்பில்ல.