வளையாபதியைத் தேடியது போதும்

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான வளையாபதியின் ஏட்டுச்சுவடியை உ.வே.சா. இளமையில் திருவாவடுதுறை மடத்தில் கண்ணாலேயே பார்த்தவர். பிறகு அவர் தேடியபோது அது அங்கில்லை. ஊர் ஊராக அலைந்தும் கிடைக்கவில்லை.

எதுவரை தேடலாம்? பனையோலையே ஒரு கெடு வைத்திருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் பூச்சியிலும் ஏடு இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதற்குள் படி எடுத்தாக வேண்டும். அச்சு வந்தபின் படி எடுப்பாரும் இல்லை. ஆகவே பழைய ஏட்டுக்கட்டுகள் புதிதாகக் கிடைப்பதும் நின்றுவிட்டால், தேடும் திசையை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

மயிலாப்பூர்க்காரரான மயிலை சீனி. வேங்கடசாமி அதைத்தான் செய்தார். பழைய உரைகளிலும் தொகைநூல்களிலும் சிதறிக் கிடந்த மேற்கோள்களைத் திரட்டி, 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று 1959இல் வெளியிட்டார்.

வளையாபதியில் இன்று மிஞ்சியவை ஏறக்குறைய 70 பாட்டு. பெரும்பாலானவை புறத்திரட்டு தந்தவை. அதிலும் ஒரு சங்கடம்: புறத்திரட்டு பாட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய நூல். அதனால் நீதிப் பாட்டுகள் பிழைத்தன, கதை போய்விட்டது. பிற்கால வைசிய புராணத்தில் வரும் வணிகன் கதையே வளையாபதியின் கதை என்பார்கள், அது ஊகம்தான்.

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. வீட்டுப் பரணில் பழைய ஏட்டுக்கட்டு இருந்தால், அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.