எட்டுக் கோப்பைத் தேநீர்

தரவு அறிவியல் பயிலும் முதலாண்டு மாணவன் ஒருவன், புள்ளியியலில் 'பி-மதிப்பு' என்னும் பகுதி வந்ததும் சித்தம் கலங்கி, படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தான். அதே துறையில் அவனுக்கு மூத்த மாணவியான நான் எழுதிய பதிலை இங்கே வாசிக்கிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

கணினி 0.014 என்று விடை காட்டுகிறது, அது 0.05-க்குக் குறைவு என்பதும் தெரிகிறது, ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதுதான் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சூத்திரத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு, ரொனால்டு ஃபிஷர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1935-ல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் பரிசோதனை ஒன்றைக் கேள். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. நான்கில் பாலும் நான்கில் தேநீரும் முதலில் ஊற்றப்பட்ட எட்டுக் கோப்பைகளை வரிசை குலைத்து அவர் முன் வைக்கிறார்கள். நான்குக்கு நான்கு என்பது அவருக்கும் தெரியும். பால் முந்திய நான்கை அவர் பொறுக்கியெடுக்க வேண்டும்.

அவருக்கு அந்தச் சக்தி சிறிதும் இல்லையென்றே வைத்துக்கொள். வாதத்துக்காக இப்படி வைத்துக்கொள்வதைத்தான் பாடநூல் இன்மைக் கருதுகோள் என்கிறது. எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. முற்றும் சரியானது ஒன்றே. ஆகவே குருட்டாம்போக்கில் நான்கும் சரியாக வாய்ப்பதற்கான நிகழ்தகவு 70-ல் 1. நீ கண்டு அஞ்சிய 0.014 என்னும் அளவே இதுவும்.

அவர் மூன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் எடுத்திருந்தால்? அப்படி எடுக்க 16 வழிகள். அதைவிடச் சிறந்த அந்த ஒரு வழியையும் சேர்த்து 70-ல் 17, அதாவது ஏறத்தாழ 0.24. வெறும் அதிர்ஷ்டமே நாலில் ஒரு முறை இவ்வளவு தூரம் கொண்டுவிடுமாதலால், அதை வைத்து அவருக்குச் சக்தி உண்டென்று ஒப்ப இயலாது. இல்லையென்று நிரூபணமாகிவிட்டதாகவும் கொள்ளாதே, எட்டுக் கோப்பைகள் அதற்குப் போதா.

மாணவர் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்றுண்டு: 0.014 என்றால் அவருக்குச் சக்தியில்லாதிருக்க நூற்றுக்கு ஒன்றரை வாய்ப்பே உள்ளது என்று எழுதிவிடுகிறார்கள். சக்தியில்லை என்று வைத்துக்கொண்டு கணித்த எண், அவ்வாறு வைத்துக்கொண்டது மெய்யா என்பதற்கே நிகழ்தகவாவது எங்ஙனம்?

இனி உன் பயிற்சிக்கு வருவோம். இரு குழுக்களின் மதிப்பெண் சராசரிகளுக்கிடையே வேறுபாடு கண்டாய் அல்லவா? எந்த மதிப்பெண் எந்தக் குழுவினது என்னும் பெயர்ச்சீட்டுகளை மட்டும் கணினியில் பத்தாயிரம் முறை குலுக்கி, ஒவ்வொரு முறையும் சராசரி வேறுபாட்டைக் கண்டு, நீ கண்ட அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை வருகிறதென்று எண்ணு. அந்த எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் வகுத்தால் கிடைப்பதே உன் பி-மதிப்பு. முதலில் தேநீர்க் கணக்கையே குலுக்கிப் பார்; நான்கும் சரியாக அமைவது 143 முறையை ஒட்டி வரவேண்டும், வெகுவாக விலகினால் நிரலில் பிழை இருக்கிறது. இரண்டையும் செய்து முடித்து, வந்த எண்களை எனக்கு எழுது. படிப்பை விடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.