அரவை மெஷின் எப்போ வாங்கலாம்?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழு மிளகாய்த் தூள், மல்லித் தூள், சாம்பார் பொடி போடுற குழு. பத்து பேர் இருக்கோம். காயவைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்து பாக்கெட் போடுவோம். மாதம் 600 கிலோ போகும். மில்லில் கிலோவுக்கு 15 ரூபாய் கூலி. அதுவே 9,000 ரூபாய். ஆட்டோவுக்கு 2,000. ஆக மாதம் 11,000 ரூபாய் அரவைக்கே போகுது. "இவ்வளவு காசை மில்காரருக்குக் கொடுக்கிறதுக்கு நாமளே ஒரு மெஷின் போட்டா என்ன?" என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது.

விலைப்பட்டியல் கொண்டுவந்த தம்பி வாசல்படியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். "மெஷின் 1,20,000. உங்களுக்கு மாசம் 9,000 கூலி மிச்சம். பதிமூணே மாசத்துல போட்ட பணம் வந்துடும் அக்கா." கேட்கும்போது நல்லாத்தான் இருந்தது. எங்க ஊக்குநர் அக்கா மட்டும், "நோட்டை எடு, நாமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்றார்.

முதல்ல போடுற பணம். மெஷின் விலை மட்டும் போதாது. வரி, லாரி வாடகை 25,000. நம்ம ஷெட்டில் இருந்தது ஒரு முனை மின்சாரம்தான். பத்து குதிரைத்திறன் மோட்டார் அதில் ஓடாது. மும்முனை இணைப்பு, வயரிங், டெபாசிட் என்று இன்னொரு 25,000. சிமென்ட் மேடை, மிளகாய் நெடி வெளியே போக அடைப்பு 10,000. மொத்தம் 1,80,000 ஆச்சு.

அடுத்தது மிச்சம். 11,000 அப்படியே மிச்சமாகாது, நாம அரைச்சாலும் செலவு உண்டே. அந்தத் தம்பி மணிக்கு 60 கிலோ அரைக்கும் என்றார். நாங்க நம்ம மிளகாயையே 20 கிலோ கட்டிக்கொண்டு போய், அவங்க கடையில் ஓடுற மெஷினில் அரைக்கச் சொன்னோம். தொடர்ந்து போட்டா தூள் சூடாகி நிறமும் மணமும் போயிடுது. நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டணும். அப்படி ஓட்டினா மணிக்கு 40 கிலோதான் வந்தது. யாராவது மெஷின் பார்க்கப் போனா உங்க சரக்கைக் கையில் கொண்டுபோங்க. மல்லியை அரைச்சுக் காட்டிட்டு மிளகாய்க்கும் அதே வேகம்னு சொல்லிடுவாங்க.

அந்த வேகத்துக்குக் கரண்ட் பில், மாதா மாதம் கட்டும் நிலைக் கட்டணமும் சேர்த்து 1,800. சல்லடை, அடிக்கும் கட்டை தேய்மானத்துக்கு 700. ஓட்டவும் துடைக்கவும் மாதம் ஐந்து நாள் ஒருத்தருக்குக் கூலி 2,000. "நம்ம உறுப்பினர்தானே ஓட்டப் போறா, அதுக்கு எதுக்குக் கூலி?" என்று கேட்டாங்க. அந்த ஐந்து நாள் அவங்க வேற வேலைக்குப் போனா சம்பளம் உண்டு இல்லையா? எழுதத்தான் வேணும். செலவு 4,500 கழிச்சா உண்மையான மிச்சம் மாதம் 6,500. 1,80,000-ஐ 6,500-ஆல் வகுத்தா 28 மாதம். பதிமூணு இருபத்தெட்டாச்சு.

இன்னும் முடியலை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. மிளகாய் காயாது, 300 கிலோ போனாலே அதிகம். அந்த மூணு மாதமும் மிச்சம் 2,950 தான். பாதி சரக்குக்குப் பாதி மிச்சம்கூட வராது, ஏன்னா மின்சார நிலைக் கட்டணம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டணும். வருஷம் முழுக்கக் கூட்டினா 67,350 ரூபாய். போட்ட பணம் திரும்ப 32 மாதம்.

இந்த நேரத்தில் பக்கத்து ஊரில் ஒரு பழைய மெஷின் விலைக்கு வந்தது. எல்லாம் சேர்த்து 1,20,000-இல் முடியும். ரிப்பேருக்கு வருஷம் 15,000 கூடுதலா ஒதுக்கினாலும் 52,350 மிச்சம். இருபத்தேழரை மாதத்தில் பணம் திரும்பிடும். "புதுசை விட நாலரை மாசம் முந்தி வருதே, இதையே வாங்குவோம்" என்று பாதிப் பேர் கை தூக்கிட்டாங்க.

இங்கேதான் நான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். போட்ட பணம் எப்போ திரும்பும் என்பது ஒரு கேள்வி. திரும்பின பிறகு மெஷின் இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது வேறொரு கேள்வி. முதல் கணக்கு ரெண்டாவதைப் பத்தி வாயே திறக்காது. மெக்கானிக் அந்தப் பழைய மெஷின் மூணு வருஷம் தாங்கும் என்றார், புதுசு எட்டு வருஷம். அப்போ பழைய மெஷினுக்கு வருஷத்துக்குத் தேய்மானம் 40,000. 52,350-இல் அதைக் கழிச்சா 12,350. போட்ட 1,20,000-க்கு நூற்றுக்குப் பத்துதான் வருமானம். நாங்க கடன் வாங்க இருந்த வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு! வட்டிக்கே காணாது. புதுசுக்குத் தேய்மானம் 22,500. மிச்சம் 44,850. நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவு. பழசு வேண்டாம்னு அன்னைக்கே முடிவாச்சு.

சரி, புதுசை உடனே வாங்கிட வேண்டியதுதானே? அதையும் வாங்கலை. காரணம் தவணை. கையிலிருந்து 60,000 போட்டு, 1,20,000 கடன் எடுப்பதாக யோசனை. இரண்டு வருஷக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 5,650. மழை மாதத்தில் மெஷின் தர்றது 2,950. மீதியை எங்கிருந்து எடுப்பது? வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தா மிச்சம் 67,350, தவணை 67,800. மெஷின் சம்பாதிக்கிறது அத்தனையும் தவணைக்கே போய், மேலும் 450 ரூபாய் நாம போடணும். கையிலிருந்த 60,000-மோ சும்மா இருந்த பணம் இல்லை. மாசி, பங்குனியில் மிளகாய் விலை இறங்கும்போது மூட்டை பிடிக்க வைத்திருந்த பணம். அதை மெஷினில் போட்டுட்டு, ஆடியில் கூடின விலைக்கு மிளகாய் வாங்கினா, மில்காரருக்குக் கொடுத்ததை மண்டிக்காரருக்குக் கொடுத்த கதைதான்.

அதனால் "வேண்டாம்" என்று எழுதவில்லை. "எப்போ" என்று எழுதினோம். மழை மாதமும் சேர்த்து வருஷ சராசரி மாதம் 525 கிலோ இருந்தது. அது 700 கிலோவானா போட்ட பணம் 24 மாதத்துக்குள் திரும்பும் என்று கணக்கு வந்தது. 700 தொட்டதும் வாங்குவது, மிளகாய்ப் பணத்தைத் தொடாமல் 60,000 தனியாகச் சேர்ப்பது, கடனை மூணு வருஷத் தவணையில் எடுப்பது. இதுதான் தீர்மானம். மூணு வருஷம் என்றால் தவணை சுமார் 4,000-க்கு இறங்கும். வட்டி மொத்தத்தில் 8,000 போல கூடும். அந்த 8,000 மழைக் காலத்தில் நிம்மதியா தூங்குறதுக்குக் கொடுக்கிற விலை என்று நான் நினைக்கிறேன், சிலருக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

"அக்கம்பக்கத்துக்காரங்க அரைக்க வருவாங்க, அந்தக் கூலி வேற வரும்" என்றும் அந்தத் தம்பி சொல்லியிருந்தார். அதைக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கலை. வந்தா வரட்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இரண்டு விடுதிகளில் ஆர்டர் கிடைச்ச பிறகுதான் 700 வந்தது. மும்முனை இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, அது வந்த பிறகுதான் மெஷினுக்கு முன்பணம் கட்டினோம். இணைப்பு வரும் முன்னே வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி வச்சுத் தவணை கட்டின குழுவை நான் பார்த்திருக்கேன்.

மெஷின் ஓட ஆரம்பிச்சுப் பதினோரு மாதம் ஆகுது. முதல் மூணு மாதம் சல்லடை அடிக்கடி கிழிஞ்சது. மல்லியில் இருந்த கல்லைச் சரியா புடைக்காததுதான் காரணம். அந்த மாதங்களில் மிச்சம் 5,000 தாண்டலை. இப்போ சராசரி 7,200-இல் நிற்குது. அப்படியே போனா 25 மாதம், நாங்க போட்டதுக்கு ஒரு மாதம் கூடுதல். மாதம் எத்தனை கிலோ, எத்தனை யூனிட், சல்லடைக்கு எவ்வளவு என்று எழுதின நோட்டு பின்வரிசையில் எங்க பொருளாளர் கையில் இருக்கு. மெஷின் வாங்குற யோசனையில் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் வாங்கிப் பாருங்க.