இல்லாத ரோவை எப்படி லாக் பண்றது? – டேட்டாபேஸ் ஃபாண்டம் பற்றி

இன்னைக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஆரம்பிக்கலாம். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு சின்ன டீம், ஃபுட்பால் டர்ஃப் புக் பண்ற ஆப் ஒண்ணு நடத்துச்சு. அன்னைக்கு ஒரே டர்ஃப்ல ரெண்டு குரூப் வந்து நின்னாங்க. ஒரு குரூப் 7 மணியில இருந்து 8 வரைக்கும், இன்னொரு குரூப் 7:30ல இருந்து 8:30 வரைக்கும். ரெண்டு பேர் போன்லயும் "கன்ஃபர்ம்டு"னு இருக்கு. ரெண்டு பேரும் பணம் கட்டியிருக்காங்க. சண்டை டர்ஃப்ல நடந்துச்சு, திட்டு எங்களுக்கு விழுந்துச்சு.

கோடைத் திறந்து பார்த்தா, தப்பே இல்லாத மாதிரி இருந்துச்சு. ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள முதல்ல "இந்த நேரத்தோட மோதுற புக்கிங் இருக்கா?"னு கேட்கிறோம். இல்லன்னா மட்டும் இன்சர்ட் பண்றோம். கேட்கும்போதே லாக்கும் எடுக்கிறோம். ஒரு புக்கிங் அதிகபட்சம் 2 மணி நேரம்தான்ங்கிறதால 17:00க்கு அப்புறம் தொடங்குறதை மட்டும் பார்த்தா போதும். ஆடியோல வாசிச்சா தலை சுத்தும், அதனால இந்தப் பக்கத்துல போட்டிருக்கேன்:

```sql
SELECT id FROM bookings
WHERE turf_id = 3
  AND start_at > '2024-06-15 17:00'
  AND start_at < '2024-06-15 20:00'
  AND end_at   > '2024-06-15 19:00'
FOR UPDATE;
```

`FOR UPDATE` போட்டாச்சே, அப்புறம் எப்படி ரெண்டு பேர் உள்ள வந்தாங்க? இங்கதான் நான் ரொம்ப நாளா தப்பா புரிஞ்சு வெச்சிருந்தேன். ரோ லாக், இருக்கிற ரோவைத்தான் பூட்டும். இந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு ரோ கூட வரல. அப்போ எதைப் பூட்டுறது? முதல் ஆள் கேட்டான், காலி. ரெண்டாவது ஆள் கேட்டான், காலி. ரெண்டு பேரும் இன்சர்ட் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் பார்க்கும்போது இல்லாத ரோ, அடுத்த நிமிஷம் என் கண்டிஷனுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. இதுக்குத்தான் ஃபாண்டம்னு பேரு. தமிழ்ல பேய்னே வெச்சுக்கலாம்.

"யூனிக் இன்டெக்ஸ் போட்டா முடிஞ்சுதே"னு சிலர் நினைப்பீங்க. 7:00ம் 7:30ம் வேற வேற மதிப்பு. யூனிக் இன்டெக்ஸ் ரெண்டையும் சந்தோஷமா உள்ள விடும்.

இந்தப் பேய்க்கு 1976லயே மருந்து எழுதிட்டாங்க. ஐபிஎம்ல இருந்த எஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர்னு நாலு பேர் எழுதின பேப்பர். அவங்க யோசனை இதுதான்: ரோவைப் பூட்டாதே, கண்டிஷனைப் பூட்டு. "டர்ஃப் 3ல, 7ல இருந்து 8 வரைக்கும் மோதுற எந்த புக்கிங்கும்"ங்கிற வாக்கியமே லாக். அந்த ரோ இப்போ இருந்தாலும் சரி, இனிமேதான் வரப்போகுதுன்னாலும் சரி. யாராவது இன்சர்ட் பண்ண வந்தா, அவங்க ரோ அந்த வாக்கியத்துக்குள்ள பொருந்துதான்னு பார்க்கணும். பொருந்தினா காத்திருக்கணும். இதுதான் பிரெடிகேட் லாக்.

கேட்க அழகா இருக்கு, ஆனா ஓட்டுறதுக்குச் செலவு அதிகம். ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் அந்த நேரத்துல இருக்கிற எல்லா கண்டிஷனையும் ஒண்ணொண்ணா சரிபார்க்கணும். ரெண்டு கண்டிஷன் ஒண்ணை ஒண்ணு தொடுதான்னு கண்டுபிடிக்கிறது அதைவிடக் கஷ்டம். அதனால நிறைய டேட்டாபேஸ் ஒரு குறுக்கு வழி எடுத்துச்சு: கண்டிஷனுக்குப் பதிலா, அதைத் தேட நடந்து போன இன்டெக்ஸ் பாதையைப் பூட்டிடு. இதுதான் இன்டெக்ஸ் ரேஞ்ச் லாக். மைஎஸ்க்யூஎல்லோட இன்னோடிபில இதை நெக்ஸ்ட்-கீ லாக்னு சொல்வாங்க. ஒரு இன்டெக்ஸ் என்ட்ரியும், அதுக்கு முன்னாடி இருக்கிற காலி இடமும் சேர்ந்த பூட்டு. அந்தக் காலி இடத்தை மட்டும் பூட்டினா அது கேப் லாக்.

நம்ம டர்ஃபுக்கே வருவோம். இன்டெக்ஸ் `(turf_id, start_at)` மேல இருக்கு. அன்னைக்கு டர்ஃப் 3ல 16:00க்கு ஒரு புக்கிங், 21:00க்கு ஒரு புக்கிங். நடுவுல எதுவும் இல்ல. நம்ம கேள்வி 17:00க்கு அப்புறம் தேடிப் போய், நேரா 21:00 என்ட்ரில முட்டி நிக்குது. அதனால 16:00க்கும் 21:00க்கும் நடுவுல இருக்கிற மொத்த இடைவெளியும் பூட்டப்படும். இப்போ 7:30க்கு யாராலயும் நுழைய முடியாது. பேய்க்கு வழி இல்ல.

ஆனா கவனிங்க, 20:00 மணி ஸ்லாட் கேட்டு வர்றவரும் நிக்கணும். அவருக்கும் நமக்கும் எந்த மோதலும் இல்ல. பிரெடிகேட் லாக்கா இருந்தா அவரை விட்டிருக்கும். ரேஞ்ச் லாக்குக்கு அந்த அளவு கண் தெரியாது, பக்கத்துல இருக்கிற என்ட்ரி வரைக்கும் சேர்த்துப் பிடிக்கும். 21:00 புக்கிங்கே இல்லன்னா, அடுத்த நாள் முதல் புக்கிங் வரைக்கும் நீளும். இன்டெக்ஸைப் பயன்படுத்தவே இல்லன்னா டேபிள் முழுக்க நடந்து, முழுக்கப் பூட்டும். அதனால `EXPLAIN` போட்டுப் பார்க்காம இந்தக் கேள்வியை லைவ்ல விடாதீங்க.

அப்போ எங்க டீமுக்கு ஏன் இது வேலை செய்யல? ஐசொலேஷன் லெவல். இன்னோடிபில டிஃபால்ட் `REPEATABLE READ`, அதுல `FOR UPDATE` கேப்பையும் பூட்டும். எங்க செட்டப்ல யாரோ ஒருத்தர், லாக் காத்திருப்பு அதிகமா இருக்குன்னு `READ COMMITTED`க்கு மாத்தியிருந்தாங்க. அந்த லெவல்ல இந்த மாதிரி தேடலுக்கு கேப் லாக் கிடையாது. ஒரு வரி கான்ஃபிக், ரெண்டு குரூப் சண்டை.

திரும்ப மாத்தினோம். டபுள் புக்கிங் நின்னுச்சு. பதிலா லாக்ல `ERROR 1213` வர ஆரம்பிச்சுது, டெட்லாக். முதல்ல பயந்துட்டேன். காரணம் இதுதான்: ஒரே இடைவெளி மேல ரெண்டு பேர் கேப் லாக் வெச்சிருக்கலாம், அது ஒண்ணை ஒண்ணு தடுக்காது. இன்சர்ட்டை மட்டும்தான் தடுக்கும். 7:00 ஆளும் 7:30 ஆளும் கேப் லாக் எடுத்துட்டாங்க. 7:00 ஆள் இன்சர்ட் பண்ணப் போறான், 7:30 ஆளோட லாக் தடுக்குது. 7:30 ஆள் இன்சர்ட் பண்ணப் போறான், 7:00 ஆளோட லாக் தடுக்குது. இன்னோடிபி இதைக் கண்டுபிடிச்சு ஒருத்தரை ரோல்பேக் பண்ணும்.

இங்க அந்த எரர்தான் நம்மளைக் காப்பாத்துது. ரோல்பேக் ஆன டிரான்ஸாக்‌ஷனை ஆப் முதல்ல இருந்து, அதாவது `SELECT`ல இருந்தே, திரும்ப ஓட்டணும். இந்த முறை அந்த புக்கிங் கண்ணுக்குத் தெரியும், "ஸ்லாட் போயிடுச்சு"னு சொல்லிடலாம். நாங்க பண்ணின ரெண்டாவது தப்பு, இன்சர்ட்டை மட்டும் ரீட்ரை பண்ணினது. அப்படிப் பண்ணினா செக்கே இல்லாம எழுதுறோம், பேய் பின்வாசல் வழியா வந்துடும்.

உங்க சிஸ்டம்ல கேப் லாக் நிஜமாவே இருக்கான்னு பார்க்க, மைஎஸ்க்யூஎல் 8.0ல ஒரு டிரான்ஸாக்‌ஷனை கமிட் பண்ணாம நிறுத்தி வெச்சுட்டு, இன்னொரு விண்டோல இதை ஓட்டுங்க:

```sql
SELECT index_name, lock_mode, lock_data
FROM performance_schema.data_locks;
```

`X,REC_NOT_GAP`னா ரோ மட்டும். `X,GAP`னா இடைவெளி மட்டும். ரெக்கார்டு லாக்ல வெறும் `X`னா ரெண்டும் சேர்த்து.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க `FOR UPDATE` கேப்பைப் பூட்டாது, எந்த லெவல்லயும். `SERIALIZABLE` போடணும். அது யாரையும் காக்க வைக்காது. யார் எதைப் படிச்சாங்கன்னு குறிச்சு வெச்சுக்கும், ஆபத்தான மோதல்னு தெரிஞ்சா ஒருத்தரை `40001`னு எரர் குடுத்து வெளிய தள்ளும். அங்கயும் முதல்ல இருந்துதான் ரீட்ரை.

அடுத்த தடவை "இல்லன்னா மட்டும் இன்சர்ட் பண்ணு"னு கோட் எழுதும்போது, அந்த "இல்ல"ங்கிறதை யார் பூட்டுறாங்கன்னு ஒரு நிமிஷம் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.