சிறு ஆர்டர்களும் சிப்பச் செலவும்

(சாம்பியன் ரீப்ஸில் சிறு உற்பத்தியாளர்களிடையே ஆற்றிய உரை)



2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னர், இவ்வூர் மக்களுள் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று ஊதியம் ஈட்டி வருகின்றனர். அவ்வாறு செல்லாது, வீட்டிலிருந்தபடியே பொருள்களைச் செய்து அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்பி விற்க விரும்புவோர் என்னிடம் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: ‘பெயர் அச்சிட்ட பெட்டி அடித்துக்கொள்ளலாமா?’ இதற்கு விடை கூறுமுன் ஒரு கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நம் மாநிலத்துச் சன்னபட்டணத்து அரக்குப் பூச்சு மரப் பொம்மையொன்றை எடுத்துக்கொள்வோம். அது 11 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், 250 கிராம் எடை உடையது என்று வைத்துக்கொள்வோம். நான் கூறப்போகும் விலைகள் கணக்கிற்காகக் கொண்டவையே. உங்கள் ஊர் விலைப்புள்ளிகளை அவற்றின் இடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சில்லாத மூன்றடுக்கு நெளியட்டைப் பெட்டி ஒன்று 14 ரூபாய். பெயர் அச்சிட்டது 18 ரூபாய். நான்கு ரூபாய்தானே வேறுபாடு என்று தோன்றும். ஆனால் பெட்டி செய்பவர் இரண்டு நிபந்தனைகளை முன்வைப்பார். ஒன்று, அச்சுக்கட்டைக்கு ஒரே முறை தரவேண்டிய 4,000 ரூபாய். இரண்டு, குறைந்தது 500 பெட்டிகள் எடுத்தாக வேண்டும் என்பது. ஆகவே கையிலிருந்து போகும் தொகை 13,000 ரூபாய். பெட்டிகள் முழுவதும் பயன்பட்டால் ஒன்றின் அடக்கம் 26 ரூபாய் ஆகும். மாதம் இருபது ஆர்டர் வருமாயின் 500 பெட்டி தீர இருபத்தைந்து மாதங்கள் ஆகும். அதற்குள் பொம்மையின் அளவு மாறலாம்; தொலைபேசி எண் மாறலாம்; மழைக்காலத்தில் ஈரம் ஏறி அட்டை தொய்ந்துவிடலாம். சுரங்கக் குடியிருப்பின் இரண்டு சிற்றறைகளில் ஐந்நூறு பெட்டிகளை எங்கே அடுக்குவது என்பதும் எளிய கேள்வியன்று! இருநூறு பெட்டி பயன்பட்டு எஞ்சியவை வீணாயின என்று கொண்டால், ஒவ்வொரு பெட்டியின் உண்மை அடக்கம் 65 ரூபாய். இருநூற்றைம்பது ரூபாய்ப் பொம்மையில் இது கால்பங்கிற்கும் மேல். இலாபம் முழுவதும் அட்டையில் போய்விட்டது என்பதை விற்பவர் உடனே உணர்வதில்லை. ஏனெனில் பணம் தொடக்கத்திலேயே போய்விட்டது. பின்னர் பெட்டிகள் இலவசமாகக் கிடைப்பவை போலத் தோன்றும்.

இதற்கு மாற்று, அச்சில்லாத பெட்டியின் மீது ரப்பர் முத்திரையோ ஒட்டுச் சீட்டோ இடுவது. சீட்டு இரண்டு ரூபாய் ஆனாலும் மொத்தம் 16 ரூபாய்தான். ஐம்பது ஐம்பதாக வாங்கலாம். தட்டையாக மடித்த ஐம்பது பெட்டிகள் ஒரு கட்டு அளவே. பெங்களூரில் வேலை முடிந்து மாலை ரயிலில் வருபவர் கையிலேயே கொண்டுவந்துவிடலாம். மேலும், வெளிப்பெட்டி வழியில் அழுக்குற்றும் கசங்கியும்தான் போய்ச் சேர்கிறது. அழகிற்கெனச் செலவழிக்கக் கையில் சிறிது பணம் இருப்பின், பொம்மையைச் சுற்றும் உள்தாளிலோ அதன் மேலிடும் அச்சிட்ட தாள்பட்டையிலோ செலவிடுதல் நன்று என்பது என் கருத்து. பெறுபவர் கண்ணில் படுவது அதுவே. பளபளப்பிற்காகப் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பெட்டியோ விலையும் கூடியது. பழைய காகிதமாக எடுப்பவரும் அதை ஒதுக்குவர்.

அச்சிட்ட பெட்டியே கூடாது என்பதன்று. ஒரே அளவுப் பெட்டி ஆறு மாதங்களுக்குள் தீரும் வேகம் வந்துவிட்டால் வீணாகும் அச்சம் நீங்குகிறது. அதன் பின் மிகுதியான எண்ணிக்கைக்குப் பெட்டிக்காரர் தரும் விலைக்குறைப்பைப் பேசிப் பெறலாம். அப்பொழுதும் மாறாதவற்றை மட்டுமே பெட்டியில் அச்சிடுங்கள். அதிகபட்ச சில்லறை விலை, செய்த மாதம் போன்றவை அடிக்கடி மாறுபவை. அவை சீட்டில் இருக்கட்டும்.

இனி, பெட்டியின் விலையைவிடப் பெரிதான ஒரு செலவைப் பார்ப்போம். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. இதைப் பருமன் எடை என்பர். இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். அதுவும் பல இடங்களில் அரைக் கிலோ படிகளாக.

கடையில் எளிதாகக் கிடைக்கும் 20×18×15 அளவுப் பெட்டியில் நம் பொம்மையை இட்டால், பருமன் எடை 1.08 கிலோ ஆகிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் கட்டணம் செலுத்துகிறோம். உள்ளேயோ பெட்டி, நிரப்பி யாவும் சேர்ந்து 350 கிராம்தான்! எஞ்சியதெல்லாம் காற்றுக்குத் தரும் கூலி. டன் கணக்கான பாறையை உடைத்துச் சில கிராம் பொன் எடுத்த ஊர் இது. ஆனால் அங்கே பாறைக்காவது வேறு வழியில்லை.

அதே பொம்மைக்கு 16×14×14 அளவு கொண்டால் 0.63 கிலோ, ஒரு கிலோ கட்டணம். இன்னும் சற்றுக் குறைத்து 15.5×12.5×12 ஆக்கினால் 0.465 கிலோ, அரைக் கிலோப் படிக்குள் வந்துவிடுகிறது. அட்டையின் கனம் போக, பொம்மையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி எஞ்சும். மரத்திற்கு இது போதும். கண்ணாடிக்கும் மண்பாண்டத்திற்கும் போதாது. அவற்றிற்கு இடைவெளி கூடுதலாகத்தான் வேண்டும். அக்கட்டணத்தைப் பொருளின் விலையில் சேர்த்தே தீரவேண்டும். அளப்பது வெளியளவு என்பதையும் மறவாதீர். நிரப்பியை அமுக்கித் திணித்துப் பக்கங்கள் புடைத்தால், அந்தப் புடைப்பும் அளவில் சேர்ந்து அடுத்த படிக்குக் கொண்டுபோய்விடும்.

நிரப்பிகளுக்கு வருவோம். தெர்மோகோலுக்கு மாற்றாகப் பசுமை நிரப்பி எது என்று கேட்கின்றனர். வைக்கோலும் தென்னை நாரும் மலிவு. ஆனால் தூசி உதிர்ப்பவை, ஈரம் உறிஞ்சிப் பூஞ்சை பிடிப்பவை. பயிர்ப் பொருள் என்பதால் வெளிநாடுகளில் சுங்கத்தில் தடைபடவும் கூடும். மாவுப்பொருளால் செய்த உருண்டைகள் நீரில் கரைவன. மழையில் நனைந்த பெட்டியில் கூழாகிவிடும். பழைய செய்தித்தாளின் மை பொம்மையில் ஒட்டும். அரக்கு வெப்பத்தில் இளகும் இயல்புடையதாகையால் இதில் கூடுதல் கவனம் தேவை. தின்பண்டம் அனுப்புவோர் கவனிக்க: உணவைச் செய்தித்தாளில் பொதிய 2019 ஜூலை முதல் தடை உள்ளது.

சிறு ஆர்டருக்கு ஏற்றது அச்சில்லாப் பழுப்புத் தாளைக் கசக்கி வைப்பதே என்பேன். பெட்டி செய்வோரிடம் எஞ்சும் நெளியட்டைத் துண்டுகளும் நன்றாக உதவும். துண்டாக்கிய தாள் பார்வைக்கு அழகு. ஆயினும் வண்டியின் அதிர்வில் அடியில் படிந்துவிட, மேலே வெற்றிடம் உண்டாகிப் பொருள் ஆடத் தொடங்கும். மூடிய பெட்டியைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். ஓசை கேட்டால் இடைவெளி உள்ளது என்று பொருள். பின்னர் இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படியும், ஒரு விளிம்பு படும்படியும், ஒரு பக்கம் படும்படியும் போட்டுத் திறந்து பாருங்கள். இச்சோதனைக்கு ஒரு பொம்மை செலவாகலாம். உடைந்து திரும்பி வரும் ஒரே பொதிக்கு இருவழிக் கட்டணமும் பொருளும் சேர்ந்து அதைவிட மிகுதியாகவே போகும்.

நாளை பெட்டிக்காரரிடம் செல்வோர், விலை கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: குறைந்த அளவு ஆர்டர் எத்தனை, அச்சுக்கட்டை யாருக்குச் சொந்தம், அவர் சொல்லும் அளவு உள்ளளவா வெளியளவா. உங்கள் பொருளைக் கையோடு எடுத்துச் சென்று, மாதிரிப் பெட்டி ஒன்றில் வைத்து மூடிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.