மெட்டை நீக்கிச் சொல்லை நோக்கல்



இசைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவோர் பலரும் மெட்டையே அளந்து பார்க்கின்றனர். பாடலாசிரியருக்கு இறுதியில் ஒரு தொடர் ஒதுக்கி முடித்துவிடுகின்றனர். சொல்லை மட்டுமே மதிப்பிடும் மதிப்புரையை நடுநிலையோடு எழுதுவது எவ்வாறு என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோஜா’ படப் பாடல்களைச் சான்றாகக் கொள்கிறேன். ஏ. ஆர். ரகுமான் முதன்முதல் இசையமைத்த தமிழ்ப் படம் அது. புதிய ஒலியின் ஈர்ப்பில் சொல் மறைந்துபோக இடமுண்டு என்பதால் இவ்வாய்வுக்கு அது பொருத்தமானது. பாடல்களை எழுதியவர் கவிஞர் வைரமுத்து.

முதற்பணி, பாடலைக் கேட்டு வரிகளைத் தாளில் எழுதிக்கொள்வது. பின்னர் அச்சிட்ட பாடல் வரிகளோடு ஒப்பிடுவது. பாடுபவர் ழகரத்தை ளகரமாக ஒலித்திருந்தால் அது கவிஞரின் குற்றமன்று. குறில் நீண்டு, ‘விடு’ என்பது ‘வீடு’ எனக் கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. குற்றம் மெட்டினதா, சொல்லினதா? இதை அறிய எளிய வழி உண்டு. சரணங்கள் பெரும்பாலும் ஒரே மெட்டில் அமைகின்றன. ஒரு சரணத்தில் அந்த நீட்டத்துக்கு நெடில் பொருந்தி நிற்க, மற்றொன்றில் மட்டும் குறில் திரிந்து ஒலித்தால், வேறு சொல்லைத் தேர்ந்திருக்கலாம் என்று கவிஞரைக் கேட்கலாம். எல்லாச் சரணத்திலும் அவ்விடத்தில் சொல் திரிந்தால் மெட்டின் இறுக்கத்தையே முதலில் ஐயுற வேண்டும். திரைப்பாடல் பெரும்பாலும் மெட்டுக்கு எழுதப்படுவது என்பதை மறந்து தீர்ப்பு எழுதுதல் முறையன்று.

அடுத்து, மெட்டின்றி வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘சின்னச் சின்ன ஆசை’ பாடலை அவ்வாறு படித்துப் பாருங்கள். ‘ஆசை’ என்ற ஒரே சொல் அடிதோறும் இறுதியில் வந்து இயைபாகிறது. இவ்வாறு ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வரும் பாட்டில், அதற்கு முன் நிற்கும் சொற்களே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இங்கே அவை தாங்குகின்றன. ஆசைகள் சிறியவை என்று தொடங்கும் பெண், நிலவைத் தொடவும் பூமி தன்னைச் சுற்றி வரவும் விரும்புகிறாள். ‘சின்ன’ என்ற அடைமொழிக்கும் ஆசையின் பேரளவுக்கும் உள்ள இந்த முரணே பாட்டின் உயிர். மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றில் விட விரும்புகிறாள் என்னும் இடத்தில், அவள் விழைவது உடைமையை அன்று, விளையாட்டையே என்று அவள் இயல்பும் விளங்கிவிடுகிறது. இதை மதிப்புரையாளர் காரணத்தோடு கூற வேண்டும். ‘அருமை’ என்பது காரணமாகாது.

குறை கூறும்போதும் அதே அளவுகோல் வேண்டும். இப்பாட்டில் மேகமும் சோகமும் எதுகையாய் இணைகின்றன. நாற்று நடுவதும் வானவில்லை உடுத்துவதும் கண்ணுக்குத் தெரியும் காட்சிகள். சோகத்தை விடுவதோ வெறுங்கருத்து. எதுகைக்காகவே அது வந்ததோ என்று ஐயுற இடமுண்டு. ஆயினும் மேகத்தைத் தொடுதல், சோகத்தை விடுதல் என்னும் எதிர்நிலை அந்த அடிகளை ஓரளவு காக்கிறது. ஐயத்தையும் அதற்கான விடையையும் ஒருங்கே எழுதுவதே நடுநிலை. ஈரடியில் ஓரடியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் இந்த எதிர்நிலை மறைந்துவிடும். கவிஞருக்குத் தீங்கு செய்தவர்களாவோம்.

மூன்றாவது, பாடுவது யார் என்று கேட்க வேண்டும். ‘ருக்குமணி’ பாடலில் கிழவியர் மணமக்களைக் கேலி செய்கின்றனர். அங்கே சொல் கொச்சையாக இருக்கிறது என்பது குற்றச்சாட்டாகாது. கிழவியர் வாய்க்கு அது பொருந்துகிறதா என்பதே கேள்வி. மாறாக, ‘தமிழா தமிழா’ பாடல் பொது அறைகூவலாக அமைந்தது. கதையிலிருந்து பிரித்து எந்த மேடையிலும் பாடலாம். அது அதன் வலிமை. கதைமாந்தர் ஒருவரின் தனிக்குரல் அதில் கேட்பதில்லை. அது அதன் குறை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தவறு.

சொல்லைத் தனியே மதிப்பிட இயலுமா என ஐயுறுவோர்க்கு இத்தொகுப்பே விடை தருகிறது. இதே மெட்டுகளுக்கு இந்தியில் பி. கே. மிஸ்ரா வேறு சொற்களை எழுதினார். மெட்டு ஒன்று, பனுவல் இரண்டு. எனவே பனுவலுக்குத் தனித் தீர்ப்பு உண்டு.

அத்தீர்ப்பின் எல்லையை மதிப்புரையின் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். ‘இங்கு ஆராயப்படுவன சொற்களே’ என்று எழுதிய பின், தொகுப்பை வாங்கலாமா கூடாதா என்று முடிவுரைப்பது பொருந்தாது. இதழில் ஒரு பக்கமே கிடைத்தால் இரண்டு பாடல்களை முழுமையாக ஆராய்ந்து, ஏனையவற்றுக்கு ஒவ்வொரு தொடர் எழுதினால் போதும். எல்லாவற்றையும் தொட்டு எதையும் காட்டாத மதிப்புரையால் படிப்பவருக்கும் பயனில்லை, பாட்டெழுதியவருக்கும் பயனில்லை.