பட்டறை இடம் மாறினால்

சிறுதொழில் புரிவோருக்கு மத்திய அரசு 2020 ஜூலை முதல் வழங்கிவருவது உத்யம் பதிவுச் சான்றிதழ். சொத்து ஈடின்றி, அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் வங்கியை அணுகுவோர் முதலில் காட்டவேண்டியது இதுவே. சரக்குக்குரிய பணத்தை 45 நாட்கள் கடந்தும் தராதவரிடம் வட்டியுடன் கோருவதற்கும் இது துணையாகும்.

மும்பையில் தோற்பை தைக்கும் அன்பர் ஒருவர் புனேக்குப் பட்டறையை மாற்றிக்கொண்டார் என்று கொள்வோம். கடனுக்கு மனுச் செய்கிறார். வங்கி அதிகாரி பார்வையிடச் செல்கையில், சான்றிதழில் கண்ட முகவரியில் பட்டறை இல்லை, மனு நின்றுவிடுகிறது.

புதிதாக இன்னொரு பதிவு செய்யலாமா? கூடாது. ஒரு நிறுவனத்துக்கு ஒரே பதிவுதான். udyamregistration.gov.in என்னும் அரசுத் தளத்தில், பழைய பதிவு எண்ணைக் கொண்டே முகவரியைத் திருத்தவேண்டும். இதற்குக் கட்டணமில்லை.

ஆனால் திருத்துவதற்குரிய இரகசிய எண், பதிவில் உள்ள கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். பதிவு செய்துகொடுத்த தரகர் தம் எண்ணையே எழுதியிருந்தால், நாம் அவர் தயவை நாடவேண்டியதுதான். ஆதலின் சான்றிதழை இன்றே எடுத்து, அதில் அச்சிட்டுள்ள எண் தங்களுடையதுதானா என்று பாருங்கள். ஊர் மாறும்போது, பழைய எண்ணைக் கைவிடுமுன் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள்.